போட்டோவில் வரும் பூஜைச் சொம்பு: பித்தளையா, வெண்கலமா, கேட்கிற விலை தகுமா?

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய பூஜைச் சாமான் விற்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் வருவது சொம்புதான். ஒரே வடிவத்தில் பித்தளையிலும் வெண்கலத்திலும் செம்பிலும் இருப்பதால் அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. அதனால் கேள்விகளைச் சொம்போடு நிறுத்திக்கொண்டோம். பஞ்சபாத்திரம், கிண்ணம், தூபக்கால் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இதே சோதனைகள் செல்லும்.

பித்தளை, வெண்கலம் ரெண்டும் மஞ்சளாத்தானே இருக்கு? என்னதான் வித்தியாசம்?

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். மணிக்கும் பாத்திரத்துக்கும் வார்க்கும் வெண்கலத்தில் நூறு பங்குக்கு இருபதிலிருந்து இருபத்து நான்கு பங்கு வரை வெள்ளீயம் இருக்கும். கடையில் ‘ஈயம் கலந்தது’ என்று மட்டும் சொன்னால் எந்த ஈயம் என்று கேளுங்கள். காரீயம் வேறு உலோகம், அது நஞ்சு.

நிறத்தைவிட முக்கியமான வித்தியாசம் வளைவதில் இருக்கிறது. பித்தளை வளையும், கீழே விழுந்தால் நசுங்கும். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் வளையாது. விழுந்தால் விரிசல் விடும், விளிம்பு சில்லாகப் பெயரும். அதனால் போட்டோவில் முதலில் தேட வேண்டியது பளபளப்பை அல்ல, அடிபட்ட இடத்தை. கழுத்தில் வழவழப்பாக ஒரு நசுங்கல் தெரிந்தால் அது மணி வெண்கலம் இல்லை.

போட்டோவ வச்சே சொல்லிட முடியுமாங்க?

‘இது வெண்கலம் இல்லை’ என்று பல நேரம் சொல்லிவிடலாம். ‘இது வெண்கலம்தான்’ என்று சொல்ல முடியாது. நசுங்கல், தகடு ஒட்டிய தையல் கோடு, முலாம் உரிந்து தெரியும் வெள்ளை உலோகம், இவற்றில் ஒன்று தெரிந்தாலே விற்பவர் சொன்னது பொய்த்துவிடும். எதுவும் தெரியாவிட்டால் பொருள் இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அதை நேரில் வைத்துத்தான் தீர்க்க முடியும்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துத்தநாகம் முப்பது பங்குக்கு மேல் இருந்தால் பித்தளை எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அதே பித்தளையில் பதினைந்து பங்குதான் இருந்தால் சிவப்போடிய தங்க நிறம் வந்து வெண்கலத்தை அப்படியே ஒத்திருக்கும். போதாததற்கு பூஜை அறையின் மஞ்சள் பல்பும் போனின் கலர் திருத்தமும் எதை வேண்டுமானாலும் வெண்கலமாகக் காட்டிவிடும்.

அப்ப என்னென்ன போட்டோ கேக்கணும்?

ஐந்து கேளுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, வாய் விளிம்பு நெருக்கத்தில் ஒன்று, உட்புறம் ஒன்று, அடிப்பாகம் ஒன்று, எழுத்தோ முத்திரையோ இருந்தால் அது தனியாக ஒன்று. எல்லாம் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். சொம்புக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் சொம்பின் நிறத்தையும் நம்ப முடியாது.

பக்கவாட்டுப் படத்தில் மட்டும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைச் சொம்பின் வயிற்றை ஒட்டி, அதே தூரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். இதை வைத்து அளவு கண்டுபிடிக்கலாம், அளவிலிருந்து எடையையும் ஊகிக்கலாம். நாணயத்தைச் சொம்புக்கு முன்னால் தரையில் வைத்தால் அது பெரிதாகவும் சொம்பு சிறியதாகவும் தெரியும், கணக்குக் கெடும்.

உட்புறப் படம் அனுப்பத்தான் பலர் தயங்குவார்கள். தயங்கினால் அதையே விடாமல் கேளுங்கள். வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் குறுகிய கழுத்துக்குள் கை போகாது. செய்த விதம் அங்கேதான் மிஞ்சியிருக்கும். வார்த்துக் கடைந்ததென்றால் வட்ட வட்டமான கடைசல் வரிகளோ அச்சு மண்ணின் சொரசொரப்போ இருக்கும். தகட்டை அடித்து ஒட்டியதென்றால் வயிற்றிலோ அடியிலோ வேறு நிறத்தில் ஒரு பற்றவைப்புக் கோடு ஓடும். மணி வெண்கலச் சொம்பு வார்த்து வருவது. அதில் அந்தக் கோடு இருக்காது.

அடியில செக்கச்செவேல்னு திட்டு திட்டா இருக்கே, அது வெண்கலம்ங்கறதுக்கு அடையாளம்னு சொல்றாங்களே?

இல்லை. பெரும்பாலும் அது பித்தளைக்குத்தான் அடையாளம். வருஷக்கணக்காகப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கும்போதும், உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும்போதும் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். செம்பு மட்டும் மிஞ்சும். அந்த இடம் ரோஜாச் சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். கடற்கரை ஊர்களில் கிணற்று நீரும் உப்பு, காற்றும் உப்பு என்பதால் இங்கே இது சாதாரணம்.

சரிபார்ப்பது எளிது. அந்தத் திட்டு தண்ணீர் தேங்கும் அடியிலும் உள் மூலையிலும் இருந்து, கழுத்தும் விளிம்பும் மஞ்சளாக இருந்தால் துத்தநாகம்தான் போயிருக்கிறது. நல்ல பாலிஷ் போட்டால் மெல்லிய திட்டு மறைந்து மஞ்சள் வெளிவரும். ஆழமாகப் போயிருந்தால் அந்த இடம் பஞ்சுபோல் நுண்துளை விழுந்து, தண்ணீர் வைத்தால் வெளியே கசியும். இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பி உலர்ந்த தாள்மேல் வைத்துப் பாருங்கள்.

தட்டினா கணீர்னு சத்தம் வருது, வீடியோவே அனுப்பியிருக்காரு. அது போதாதா?

போதாது. வெண்கலம் நீண்டு ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒலியை உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை; வடிவம், தடிமன், பிடித்த விதம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. தடித்த வார்ப்புப் பித்தளைக் கிண்ணமும் நன்றாகவே ஒலிக்கும். குறுகிய கழுத்துள்ள சொம்பு வெண்கலமே ஆனாலும் மணி மாதிரி ஒலிக்காது. வீடியோவில் போன் வேறு ஒலியை மாற்றிவிடுகிறது.

நேரில் பார்க்கும்போது இந்தச் சோதனை வேறொன்றுக்குப் பயன்படும். கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, மரக்கரண்டிக் காம்பால் வயிற்றில் மெல்லத் தட்டுங்கள். கரகரவென்று அடைத்த மாதிரிச் சத்தம் வந்தால் எங்கோ விரிசலோ, பற்று விட்ட ஒட்டோ இருக்கிறது. வெண்கலம் என்று சொல்லும் பொருளுக்கு இது கட்டாயம். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரிந்துவிடும்.

காந்தம் ஒட்டல. அப்ப ஒரிஜினல்தானே?

உள்ளே இரும்பு இல்லை என்பது மட்டும் உறுதி. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, துத்தநாகக் கலவையில் வார்த்து மஞ்சள் முலாம் போட்டதிலும் ஒட்டாது. ‘ஆன்டிக் பினிஷ்’, ‘பித்தளை பினிஷ்’ என்ற வார்த்தை விளம்பரத்தில் இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். பினிஷ் என்பது மேல் நிறத்தைப் பற்றிய பேச்சு.

1.2 கிலோன்னு சொல்றாரு. போட்டோலேர்ந்து அதச் சரிபார்க்க வழி இருக்கா?

தோராயமாக இருக்கிறது. திரையில் ஸ்கேல் வைத்து நாணயத்தையும் சொம்பின் வயிற்றையும் அளந்து பாருங்கள். நாணயம் 9 மில்லிமீட்டர், வயிறு 41 மில்லிமீட்டர் என்று வருவதாகக் கொள்வோம். நாணயத்தின் நிஜ அளவு 27, அதாவது மூன்று மடங்கு. எனவே வயிற்றின் விட்டம் 123 மில்லிமீட்டர், 12.3 சென்டிமீட்டர். சொம்பை ஒரு பந்தாக எண்ணிக்கொண்டால் அதன் மேற்பரப்பு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 3.14ஆல் பெருக்குவது: 475 சதுர சென்டிமீட்டர். வாயில் குறைவது கழுத்தில் ஈடாகிவிடும்.

இனி தடிமன். தகட்டுச் சொம்பென்றால் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது 0.15 சென்டிமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். 475ஐ 0.15ஆல் பெருக்கினால் 71 கன சென்டிமீட்டர். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.5 கிராம் என்றால் 600 கிராம் சொச்சம். விளிம்பு மடிப்புக்கும் அடி வளையத்துக்கும் கூட்டினால் 650இலிருந்து 750 வரை வரலாம். அதே சொம்பு 1.2 கிலோ இருக்க வேண்டுமென்றால் உடம்பு முழுக்க மூன்று மில்லிமீட்டர் கனம் வேண்டும். நல்ல வார்ப்பில் அது நடக்கும், தகட்டு வேலையில் நடக்காது. விளிம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே கம்பி வைத்தோ தகட்டையே மடித்தோ விளிம்பைத் தடிமனாகக் காட்டுவது பழைய வழக்கம், அது பலத்துக்காகச் செய்வது.

பொருள் கைக்கு வந்ததும் வீட்டிலேயே சோதிக்க ஏதாவது வழி?

பத்துக் கிலோ தாங்கும், ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். முதலில் சொம்பைக் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொம்பு முழுசாக மூழ்கும் அளவு தண்ணீர் உள்ள வாளியைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பைக் கயிற்றில் கட்டிச் சாய்த்து இறக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, அடியும் பக்கமும் வாளியைத் தொடாமல் கையில் தொங்கப் பிடியுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் உலோகத்தின் கன அளவு. காய்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

740 கிராம் சொம்புக்குத் தராசு 87 காட்டினால் அடர்த்தி 8.5. பித்தளை 8.4இலிருந்து 8.7 வரை வரும், மணி வெண்கலம் 8.6இலிருந்து 8.8 வரை, சுத்தச் செம்பு 8.9. அதே எடை இரும்பென்றால் 95 காட்டியிருக்கும், துத்தநாகக் கலவையென்றால் 110, அலுமினியமென்றால் 270ஐத் தாண்டியிருக்கும். ஆகவே முலாம் போட்ட போலி இதில் தப்பவே முடியாது.

ஆனால் பித்தளையையும் வெண்கலத்தையும் இது பிரிக்காது. ஒரு கிராம் கூடக்குறையக் காட்டினாலே விடை 8.4க்கும் 8.6க்கும் இடையில் ஆடும். ‘அடர்த்தி போட்டுப் பார்த்தேன், வெண்கலம்’ என்று யாராவது சொன்னால் அவர் தராசை மிஞ்சிச் சொல்கிறார். விடை 8க்குக் கீழே வந்தால் பதறாமல் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். கழுத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி கன அளவைக் கூட்டி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும்.

அடியில ஏதோ முத்திரை இருக்கு. செஞ்சவங்க பேரா?

மூன்று வகை அடையாளம் உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். தனியாக 3, 5, 7 என்று ஒரு எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அளவு நம்பர். ஒரு சின்ன வட்டத்திலோ முட்டை வடிவத்திலோ எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே அடியில் பதிந்திருந்தால் அது பட்டறை அல்லது கடை முத்திரை. புள்ளி புள்ளியாக, கோணல் மாணலாக வெட்டியிருந்தால் அது வாங்கியவர் பேர், அல்லது சீர் கொடுத்தவர் பேர். கல்யாணத்துக்குக் கொடுத்த சொம்பில் மாமா பேரும் தேதியும் இருப்பது நம் ஊர் வழக்கம். அதைத் ‘தயாரிப்பாளர் கையெழுத்து’ என்று விலை ஏற்றி விற்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

கடை முத்திரை இருந்தாலும் அது உலோகத்துக்கு உத்தரவாதம் ஆகாது. ஒரே கடை பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஒரே முத்திரையை அடித்திருக்கலாம். நாச்சியார்கோவில், மொராதாபாத் என்று ஊர்ப்பேர் இருந்தாலும் அப்படித்தான். அந்த இரண்டு ஊருமே பித்தளை வேலைக்குப் பேர்போனவை. எனவே ‘நாச்சியார்கோவில் வெண்கலம்’ என்று வந்தால் நசுங்கலையும் தையலையும் கூடுதல் கவனத்தோடு தேடுங்கள்.

பழைய எழுத்துல பேர் வெட்டியிருக்கு. அப்ப நூறு வருஷம் ஆச்சுன்னு எடுத்துக்கலாமா?

எழுத்து ‘இதற்கு முந்தியது இல்லை’ என்று மட்டும்தான் நன்றாகச் சொல்லும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் அரசு ஆணையாக வந்தது 1978இல். ‘அண்ணாமலை’ என்ற பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் ‘ணா’ துணைக்கால் இல்லாமல் சுழித்த ஒரே எழுத்தாக இருக்கும், ‘லை’க்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு கொக்கி இருக்கும். இன்றைய வடிவில் வெட்டியிருந்தால் பெரும்பாலும் 1978க்குப் பிந்தியது. ‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம், பெரியார் தம் ஏட்டில் 1930களிலேயே புதிய வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். மறுபக்கம், பழைய வடிவில் இருப்பதால் 1978க்கு முந்தியது என்று சொல்லவே முடியாது. பழகிய கை பழையபடியே வெட்டும்.

இதே வழியில் வேறு சிலவும் உதவும். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, கடலூருக்கு 607 என்றும் புதுச்சேரிக்கு 605 என்றும் தொடங்குவது, 1972இல்தான் வந்தது. முத்திரையில் அது இருந்தால் சொம்பு அதற்குப் பிந்தியது. தென்னாற்காடு மாவட்டம் 1993இல் பிரிந்தது; முகவரியில் அந்தப் பேர் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பேரைப் புதிதாக வெட்டிப் பழசாக்குவதும் உண்டு. லென்ஸ் வைத்து, இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கி, வெட்டிய புள்ளிகளுக்கு உள்ளே பாருங்கள். பழைய வெட்டில் குழியின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும், குழிக்குள் சுற்றியுள்ள பரப்பைவிடக் கறுப்பு ஏறியிருக்கும். புதிய வெட்டில் குழி பளிச்சென்று மஞ்சளாகவும் விரலால் தடவினால் பிசிறாகவும் இருக்கும்.

பித்தளைக்கு ஹால்மார்க் உண்டா?

கிடையாது. ஹால்மார்க் தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான். பித்தளைச் சொம்பு ‘ஹால்மார்க் சான்றிதழோடு’ வருகிறது என்றால் அந்தச் சான்றிதழை அச்சடித்தவர் விற்பவரேதான்.

ஐம்பொன் சொம்புன்னு சொல்லி ரெண்டு மடங்கு கேக்கறாங்க.

ஐம்பொன்னில் செம்பும் பித்தளையும் ஈயமும் பெரும்பங்கு. வெள்ளியும் பொன்னும் பெரும்பாலும் சம்பிரதாயத்துக்குச் சேர்க்கும் துளி. சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கச் சொல்பவர்கள் தாங்களே கொண்டுபோய்ப் போடுவதும் அந்தத் துளியைத்தான். கடைச் சொம்பில் அது இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, மேலே சொன்ன அடர்த்தியாலும் முடியாது. எவ்வளவு வெள்ளி, எவ்வளவு பொன் என்று பில்லில் கிராம் கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பித்தளை விலைதான் கொடுக்க வேண்டியது.

பச்சைக் களிம்பு, கறுப்பு எல்லாம் ஏறியிருக்கு. பழசுதானே?

கடலோரத்தில் மாடத்தில் தேய்க்காமல் விட்ட புதுச் சொம்பிலேயே சீக்கிரத்தில் பச்சை பூக்கும். எனவே பச்சை வயதைச் சொல்லாது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். உண்மையில் புழங்கிய சொம்பில் கை படும் கழுத்தும் தரையில் உரசும் அடி வளையமும் தேய்ந்து பளபளக்கும். கறுப்பு செதுக்கு வேலையின் பள்ளத்திலும் ஒட்டின் ஓரத்திலும் தங்கும். மருந்து போட்டுப் பழசாக்கியதில் பச்சை எங்கும் ஒரே அளவாக, கை படும் இடத்திலும் சேர்த்தே இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் பொடியாக ஒட்டிக்கொண்டு வரும்.

வாங்கும் முன் ‘பாலிஷ் போட்டுத் தருகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாலிஷ் போட்ட பிறகு பச்சையும் கறுப்பும் எங்கே இருந்தன என்று பார்க்க முடியாது.

சரி, நியாயமான விலைன்னு எதச் சொல்றது?

மூன்று எண் தெரிந்தால் போதும். அதே உலோகத்தில் புதுச் சொம்பு கடையில் கிலோ என்ன விலை, பழசைப் போட்டால் கிலோவுக்கு என்ன தருவார்கள், உங்கள் பொருளின் நிஜ எடை என்ன. முதல் இரண்டையும் அன்றன்றைக்கு இரண்டு பாத்திரக் கடையில் கேளுங்கள். மஞ்சக்குப்பத்தில் ஒன்று, திருப்பாதிரிப்புலியூரில் ஒன்று என்றால் நடை அதிகமில்லை. வேலைப்பாடு இல்லாத சொம்புக்குக் கிலோ விலையிலேயே கூலி அடங்கியிருக்கும். செதுக்கு வேலை இருந்தால் தனியா, சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சொம்பின் விலை பழைய உலோக விலைக்கும் புது விலைக்கும் நடுவில் நிற்க வேண்டும். வேலைப்பாடு அபூர்வமாக இருந்தால் அதற்குமேல் கொஞ்சம் போகலாம், அது உங்கள் ஆசைக்குக் கொடுக்கும் விலை. வெண்கலத்துக்கு ஏன் கூடுதல் என்றால், வெள்ளீயம் செம்பைவிட இரண்டு மூன்று மடங்கு விலை, துத்தநாகமோ செம்பைவிட வெகு மலிவு. பித்தளையை வெண்கலம் என்று சொல்லும் பொய் எப்போதும் அந்தத் திசையிலேயே போவதற்கும் அதுவே காரணம்.

ஒரு விளம்பரத்த எடுத்து முழுசா கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

‘பாட்டி காலத்து வெண்கலச் சொம்பு, நூறு வருஷம், 1.2 கிலோ, 5,500 ரூபாய்’ என்று புதுச்சேரியிலிருந்து ஒரு விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தோடு கேட்டு வாங்கிய படத்தில் வயிறு 12.3 சென்டிமீட்டர் வருகிறது. எடைக் கேள்வியில் போட்ட கணக்குப்படி எடை 650இலிருந்து 750 கிராம். கழுத்தில் வழவழப்பான நசுங்கல் ஒன்று. உட்புறப் படத்தில் வயிற்றைச் சுற்றி ஒரு பற்றவைப்புக் கோடு. இந்த மூன்றும் சேர்ந்தால் பொருள் தகட்டுப் பித்தளை என்று நேரில் போகாமலே சொல்லிவிடலாம். கழுத்தில் புள்ளி வெட்டில் ஒரு பேரும் 1961 என்ற ஆண்டும் இருக்கின்றன. வெட்டு பழசாகவே இருந்தாலும் நூறு வருஷத்துக்கு அது சாட்சி சொல்லாது.

நேரில் போனால் தராசு 740 கிராம் காட்டுகிறது, தண்ணீரில் 87, அடர்த்தி 8.5. முலாம் போலி இல்லை, நல்ல பித்தளை. கணக்குக்காகப் புதுப் பித்தளை கிலோ 1,000 ரூபாய், பழைய பித்தளை 500, புது வெண்கலம் 2,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாளின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பழைய விலை 370, புது விலை 740. கைவேலையும் பழைய பேரும் பிடித்திருந்தால் 900, 1,000 வரை கொடுத்தால் தவறில்லை. வெண்கலமாகவே இருந்திருந்தாலும் 1,480தான் வந்திருக்கும். ஆக 5,500இல் உலோகத்தின் பங்கு மிகச் சிறியது. மீதி முழுக்க ‘பாட்டி காலத்து’ என்ற சொல்லுக்கு.

பேரம் பேசும்போது ‘இது வெண்கலம் இல்லை’ என்று தொடங்கினால் சண்டைதான் வரும். ‘எடை போட்டு, பித்தளைன்னு பில்லுல எழுதிக் குடுங்க அண்ணே’ என்று கேட்டால் விலை தானாக இறங்கும்.

பித்தளையா வெண்கலமான்னு உறுதியாச் சொல்ற சோதனையே இல்லையா?

இருக்கிறது. நகைக்கடைகளிலும் பெரிய பழைய உலோக வியாபாரிகளிடமும் எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்ரே கருவி இருக்கும். துத்தநாகம் எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு என்று சில நொடியில் காட்டும். அது மேல்தோலை மட்டுமே படிக்கும் என்பதை மறக்க வேண்டாம். உள்ளே ஈயம் பூசிய சொம்பின் உட்புறத்தைக் காட்டினால் பித்தளையே ‘வெள்ளீயம் நிறைய’ என்று வரும். மேலே சொன்ன சிவப்புத் திட்டில் வைத்தால் துத்தநாகமே இல்லாத மாதிரி வரும். அடி வளையத்தில் சின்னதாக அரத்தால் தேய்த்து, புது உலோகம் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தங்கத்துக்குச் சரிசெய்த கருவியில் சதவீதம் சற்று முன்பின் இருக்கலாம். துத்தநாகமா வெள்ளீயமா என்ற விடைக்கு அது போதும்.

பொற்கொல்லர்கள் அரத்தூளை நைட்ரிக் அமிலத்தில் போட்டும் பார்ப்பார்கள். பித்தளை பச்சை நீலமாகக் கரைந்துவிடும். வெள்ளீயம் இருந்தால் அடியில் வெள்ளைப் பொடி தங்கும். வீட்டில் முயல வேண்டாம், எழும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

‘உபயம்’னு வெட்டியிருக்கற சொம்பு சந்தைல கிடைச்சுது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். ‘உபயம்’ என்ற சொல்லோடு கோயில் பேரோ சாமி பேரோ இருந்தால் அது யாரோ கோயிலுக்குக் கொடுத்த பொருள். கோயிலின் சொத்துப் பதிவேட்டில் இருக்க வேண்டியது. முறையாக ஏலத்தில் வந்திருந்தால் விற்பவரிடம் ரசீது இருக்கும். அது இல்லாமல் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய்மேல் கிடந்தாலும், வாட்ஸ்அப்பில் வந்தாலும், பிரச்சினை கடைசியாக வாங்கியவர் தலையில்தான் விழும். கோயில் பேர் தெளிவாகத் தெரிந்தால் படத்தை அந்தக் கோயில் அலுவலகத்துக்குக் காட்டுங்கள்.

இதோடு இன்னொன்று. நூறு வருஷத்தைத் தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ‘நூறு வருஷம்’ என்று சொல்லி விற்பவரிடம் உரிமம் கேட்டால், பலருடைய சொம்புக்கு உடனே வயது குறைந்துவிடும்.